பட்டியும் தொழுவமும்

1. சங்கரன்கோவிலில் அந்தி நேரத்துச் சாலையில் படுத்திருந்த பசுவுக்காக ஒதுங்கியதில் என் ஸ்கூட்டர் சரிந்தது.
2. சாலையில் திரியும் மாடுகளைப் பற்றி நாளிதழ் ஆசிரியருக்கு எழுதினேன்.
3. கடிதம் சுருங்கி வெளியானது: மாட்டைப் பிடித்து நகராட்சிப் பட்டியில் அடையுங்கள், அபராதம் போடுங்கள்.
4. பசுவின் சொந்தக்காரி ஓர் அந்தியில் பசுவையும் ஓட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்; சாலையோரத்திலேயே நின்று பேசினோம்.

உயரமானவர். பேசும்போதும் பசுவின் கழுத்துத் தொங்கலைச் சொறிந்துகொண்டே இருப்பார். அவரும் பசுவும் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும்.

“ஏட்டி, பேப்பர்ல எழுதுனது நீதானா? இதப் பட்டில அடைச்சா, வீட்ல கெடக்க கன்னுக்கு நீயா பால் குடுப்ப?”

“நான் எழுதுனத முழுசாப் போடல, அக்கா.”

போனில் இருந்ததை வாசித்தேன். பட்டியில் நிழல், தண்ணீர், தீவனம் வேண்டும். காதுத் தகட்டு எண்ணைப் பார்த்து அன்றே உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். கறவை மாடென்றால் கன்றையும் கூடச் சேர்க்க வேண்டும். இடமில்லாதவர்களுக்கு நகராட்சி கூட்டுத் தொழுவம் கட்டித்தர வேண்டும். அதுவரை மாட்டின் கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டலாம்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். பேருந்துகளின் வெளிச்சம் பசுவைச் சுற்றி மெதுவாக வளைந்து போனது.

“அந்தத் தொழுவத்த மட்டும் இன்னொருக்கா வாசி.”

வாசித்தேன்.

“கட்ட எடம் இருந்தா நான் ஏன் ரோட்டுல விடுதேன்? அத மட்டும் தனியா எழுது. எம்பேரையும் போடு. மாட்டுக்காரியே கேக்கான்னு தெரியட்டும்.”

இல்லாத தொழுவத்தை அவர் கண்மூடி எப்படிப் பார்த்தார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இரண்டு பெயரோடு கடிதம் போயிருக்கிறது, வெளியாகவில்லை. பசுவின் கழுத்தில் பட்டை இருக்கிறது. அந்தியில் அது சாலையில்தான் படுக்கிறது.