நோட்டிபிகேஷனைப் படிக்காத சூப்பிரண்டு

பெங்களூரில், அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு தையல் கடையின் மாடியில், அவர் அரசு வேலைக்கான பயிற்சி வகுப்பு நடத்திவந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லி யாரும் அவரைக் குறிப்பிட்டதில்லை. அவருக்கும் 'சூப்பிரண்டு சார்' என்று கூப்பிட்டால்தான் காது கேட்கும். விண்ணப்பம் போடுகிறவர்கள் அவரிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார்கள். அவர் பார்வை பட்டால் போதும் என்று எங்கள் ஜோகுபாளையத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். என் அப்பாவும் நம்பினார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பட்டப்படிப்பு வேண்டும். வயது இருபத்தைந்துக்கு மேல் போகக்கூடாது. பட்டியல் சாதியினருக்கு ஐந்து வருடம் தளர்வு. எனக்கு அப்போது இருபத்தேழு முடிந்திருந்தது. அந்தத் தளர்வு இருந்தால் நான் உள்ளே, இல்லையென்றால் வெளியே. நடுவில் வேறு வழி கிடையாது.

விண்ணப்பத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். சூப்பிரண்டு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அதாவது, கண்ணாடி இல்லாமல் பார்த்தார். மதம் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இன்னாம்மா இது, பௌத்தம்னு போட்டிருக்கே?"

"நாங்க பௌத்தம்தான் சார். ஸ்கூல் சர்டிபிகேட்லயும் அப்படித்தான் இருக்கு."

"அப்போ எஸ்.சி. எங்கேர்ந்து வரும்? மதம் மாறினா சலுகை போச்சு. ஜெனரல்ல போடு. ஜெனரல்ல போட்டா உனக்கு வயசு தாண்டிப் போச்சு. இந்த வேலை உனக்கு ஆகறதில்ல, பிடு."

'பிடு' என்றால் கன்னடத்தில் விட்டுவிடு. என் பிழைப்பை அவர் அந்த ஒரு சொல்லில் முடித்துவிட்டார். முடித்ததோடு நிற்கவில்லை. குரலைத் தாழ்த்தி ஒரு யோசனையும் சொன்னார்.

"இந்துன்னு ஒரு அஃபிடவிட் வாங்கிக்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்பேக்கும்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும். யார் பார்க்கப் போறாங்க?"

என் அப்பா அந்த மதத்தை ஒரு சட்டையைப் போலப் போட்டுக்கொண்டவர் அல்லர். ஆலையில் வேலை பார்த்து, சங்கத்தில் பேசி, அண்ணன் தம்பிகளோடு சண்டை போட்டு ஏற்றுக்கொண்ட மதம் அது. அதைக் கழற்றி வைக்கச் சொல்லும் இந்த ஆள், ஓய்வு பெற்றபின் செய்தித்தாளில் ராசி பலனுக்கு மேல் எதையும் படித்ததாக எனக்குத் தெரியவில்லை.

"நோட்டிபிகேஷன்ல அப்படி எழுதியிருக்கா சார்?" என்று கேட்டேன்.

"நோட்டிபிகேஷன்ல எல்லாம் ரூலு எழுத மாட்டாங்கம்மா. அதுக்கு சர்வீஸ் வேணும்." அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ரூல் முழுவதும் அங்கேதான் இருந்தது போலும்.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்துப் பத்திரிகைக் கடையில், அறிவிக்கை முழுதாக வெளியாகியிருந்த அரசு வேலைவாய்ப்பு வார இதழை வாங்கினேன். அதுவரை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தது சூப்பிரண்டு கையால் எழுதி நகலெடுத்துக் கொடுத்த அரைப்பக்கச் சுருக்கம். முழு அறிவிக்கை இரண்டு பக்கம், எறும்பு எழுத்து. வீட்டு வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வரிவரியாகப் படித்தேன். குறிப்புகளில் இருந்தது: இந்து, சீக்கியம், பௌத்தம் ஆகிய மதங்களைச் சேராதவரைப் பட்டியல் சாதியினராகக் கொள்ள இயலாது. கூடவே சாதிச் சான்றிதழின் மாதிரிப் படிவம். அதில், பௌத்தர்களைச் சேர்த்த சட்டத் திருத்தத்தின் பெயரே அச்சாகியிருந்தது. சில வருடங்களுக்கு முன்பே வந்த திருத்தம். ரூலைச் சுமந்துகொண்டிருந்த நெஞ்சுக்கு அது போய்ச் சேரவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கல்லூரியில் சேர வாங்கிய கன்னடச் சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசு வேலைக்கென்று கொடுத்திருந்த மாதிரியிலேயே தாசில்தாரிடம் வாங்க வேண்டும். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தேன். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பெங்களூரிலேயே இருப்பதும், எங்கள் சாதி கர்நாடகப் பட்டியலிலேயே இருப்பதும் அங்கே கேள்விகளைக் குறைத்தன. சான்றிதழ் கிடைத்தது. விண்ணப்பத்தில் பௌத்தம் என்றே விட்டு அனுப்பினேன்.

வகுப்பில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். விவேக் நகர்க்காரி, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுகிறவள். வயது அவளுக்குப் பிரச்சினையே இல்லை, இருபத்திரண்டுதான். ஆனால் பி.காம். கடைசித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குப் பிறகுதான் முடிவு வரும் என்று பேச்சு.

"கல்வித் தகுதி கடைசித் தேதிக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்குடி," என்று அந்த வரியை அவளிடம் காட்டினேன்.

அவள் சூப்பிரண்டிடம் போனாள். அவர் சிரித்தாராம். "இன்டர்வியூ அன்னிக்கு மார்க்ஸ் கார்டு கையில இருந்தா போதும். அவளுக்கே வேலை கிடைக்காது, அவ உனக்குச் சொல்றாளா?"

அவள் அவரை நம்பினாள். இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய வீட்டில் முதல் பட்டதாரி அவள். நாற்காலியில் உட்கார்ந்து சொல்பவரின் குரல் அவளுக்கு அச்செழுத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

இருவரும் எழுத்துத் தேர்வில் தேறினோம். அவள் மதிப்பெண் என்னைவிட மேலே. சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரே நாளில் கூப்பிட்டார்கள். என் முறை வந்தபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர், பௌத்தம் என்பதைப் பார்த்ததும் சூப்பிரண்டின் முகத்தையே மாட்டிக்கொண்டார். "இது ஆகாதே மேடம்," என்றார். நான் வாதாடவில்லை. அறிவிக்கையைப் பிரித்து அந்தக் குறிப்பின்மேல் விரலை வைத்தேன். அவர் பக்கத்து அறைக்குள் போய் அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து டிக் அடித்தார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அந்தக் கட்டடத்தில் இல்லை.

தோழியின் முறை வந்தது. அவளுடைய மார்க்ஸ் கார்டைத் திருப்பி, முடிவு வெளியான தேதியைப் பார்த்தார்கள். அதிகாரியே வெளியே வந்து சொன்னார். "கடைசித் தேதிக்கு அப்புறம்தான் பாஸ் ஆகியிருக்கீங்கம்மா. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு அழுகை இன்னும் அதிகமாக வந்தது. தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதாள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே இருவரும் சூப்பிரண்டிடம் போனோம். "ரூல மாத்திட்டாங்க, நான் என்ன பண்றது?" என்றார் அவர். மாற்றவில்லை என்று வார இதழைக் காட்டினேன். வாங்கிப் பார்க்கவே இல்லை. "விதிம்மா. அடுத்த தடவ பாரு," என்று அவளிடம் சொல்லிவிட்டு, வந்திருந்த புதுப் பிள்ளைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் கையிலும் அதே அரைப்பக்கச் சுருக்கம்தான்.

எனக்கு நியமன உத்தரவு வந்த அடுத்த மாதம், மார்க்கெட்டில் என்னைப் பார்த்த ஒரு பெண் கைகொடுத்து வாழ்த்தினாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். சூப்பிரண்டு சார் வகுப்புப் பலகையில், 'எங்கள் மாணவி, மத்திய அரசுப் பணி' என்று என் பெயரை எழுதி வைத்திருக்கிறாராம்.

மாடி ஏறினேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"என் பேர அழிச்சிடுங்க சார்."

"எல்லாரும் போடறதுதானேம்மா. ஒரு விளம்பரம்."

"எனக்கு நீங்க என்ன சொல்லி அனுப்பிச்சீங்கன்னும் சேர்த்து எழுதினீங்கன்னா, பேர் இருக்கட்டும்."

அவர் நகரவில்லை. நான் டஸ்டரை எடுத்து நானே அழித்தேன். பிறகு பிள்ளைகளிடம், பத்திரிகைக் கடையில் முழு அறிவிக்கையை வாங்கிப் படியுங்கள், வயது எந்தத் தேதிக்குக் கணக்கு, படிப்பு எந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும், இரண்டையும் நீங்களே பாருங்கள் என்று சொன்னேன். சிலர் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் குறித்துக்கொண்டாள்.

தோழி அதற்குப் பிறகு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்து, பின்னாளில் அந்தப் பிரிவுக்குத் தலைவியும் ஆனாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் மதிப்பெண்ணில் எனக்கு மேலே நின்ற அவளும் அந்த வேலையில் இருந்திருக்க வேண்டியவள் என்பதை, அந்த அலுவலகத்தில் நான் வேலை பார்த்த எல்லா வருடங்களிலும் நினைத்திருக்கிறேன். சூப்பிரண்டு கடைசிவரை மரியாதையோடு வாழ்ந்து இறந்தார். இறுதி ஊர்வலத்துக்கு நிறையக் கூட்டம் என்று அப்பா சொன்னார். நான் போகவில்லை.