பதினாறு வரியில் எங்கள் வீடு

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தஞ்சாவூரில் ஒரு புத்தகக் கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் நடந்த எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். கவிதை எழுதவேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல் வருகிறது. அதற்கு வகுப்புக் கட்டணமே மேல் என்று நினைத்தேன்.

பாடம் நடத்திய பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். ஆறாவது வாரம் பலகையில் ‘பாண்டூம்’ என்று எழுதினாள். மலாய்க்காரர்களின் பாட்டிலிருந்து வந்த வடிவமாம். நாலு நாலு அடியாகப் போகும். ஒரு பத்தியின் இரண்டாம் அடியும் நாலாம் அடியும் அடுத்த பத்திக்கு முதல் அடியாகவும் மூன்றாம் அடியாகவும் வரவேண்டும். நடுவே இரண்டு அடி புதிதாக எழுதிக்கொள்ளலாம். அந்தப் புது அடிகள் அதற்கடுத்த பத்திக்குப் போகும். கடைசிப் பத்தியில் மட்டும் புதிய அடி கிடையாது. முதல் பத்தியில் திரும்ப வராமல் மிச்சம் நிற்கும் இரண்டு அடிகள் அங்கே வந்து உட்காரும். மூன்றாவது இரண்டாம் இடத்தில், முதலாவது நாலாம் இடத்தில். ஆரம்பித்த அடியிலேயே பாட்டு முடியும்.

“அந்தாதிதானேங்க இது?” என்றார் பின்வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர்.

“கிட்டத்தட்ட அப்படித்தான் சார். ஆனா அந்தாதியில முடிஞ்ச இடத்துலேர்ந்து அடுத்தது தொடங்கும். இதுல முழு அடியே வரும், ரெண்டு ரெண்டா வரும். வார்த்தைய மாத்தாதீங்க, நிறுத்தற்குறிய வேணா மாத்திக்கலாம். ரெண்டாவது தடவ வர்றப்ப அந்த அடிக்கு வேற அர்த்தம் வந்திருக்கணும். அதுதான் இதுல இருக்கிற வேலை” என்றாள்.

தலைப்பு: சின்ன வயதில் இருந்த வீடு. நாலு பத்தி. எட்டு அடி எழுதினால் போதும், ஒவ்வொன்றும் இரண்டு தடவை வந்து பதினாறு ஆகிவிடும். பாதி வேலைக்கு முழுச் சம்பளம் என்று அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். ‘முற்றத்தில் மழைத் தண்ணீர் விழும்’ என்று தொடங்கியது அது. ஊஞ்சல், ஓட்டுக் கூரை, பித்தளை அண்டா எல்லாம் இருந்தன.

அவள் படித்துவிட்டுப் பென்சிலால் கடைசி அடியைத் தட்டினாள். “அழகா இருக்குங்கம்மா. ஆனா முற்றத்துல மொதல்லயும் மழை பெய்யுது, கடைசியிலயும் அதே மழை பெய்யுது. நடுவுல ஒண்ணும் நடக்கலையே. இந்த வீட்டுல யாராவது ஏதாவது சொன்னாங்களா? அப்படியே சொன்ன ஒரு வாக்கியத்த ஒரு அடியா வச்சுப் பாருங்க.”

எனக்கு முகம் சுட்டது. அந்த முற்றம் எங்கள் வீட்டு முற்றமே இல்லை. எங்கள் வீட்டில் முற்றமும் இல்லை, ஓடும் இல்லை. ஆறாம் வகுப்பில் ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, எங்கள் ஊர்ப் பண்ணையார் வீட்டை வாசலிலிருந்து எட்டிப் பார்த்ததை வைத்து எழுதிய பொய் அது. வாத்தியார் அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். ஐம்பது வருஷம் கழித்தும் அதே பொய்யைத்தான் எழுதியிருக்கிறேன்.

அன்று பஸ்ஸில் உட்கார்ந்து, டிக்கெட்டின் பின்புறம் ஒரு அடி எழுதினேன். ‘இது எங்கள் வீடு இல்லை.’ எங்கள் நிஜ வீட்டு வாசலில் நின்று அந்த வயதில் நான் சொன்ன வாக்கியம்.

நாங்கள் இருந்தது பண்ணையார் கொல்லையில், வாய்க்கால் கரையில், ஒரு கீற்றுக் கொட்டகை. அப்பாவும் அம்மாவும் அவர் வயலில் வேலை செய்தார்கள். குடியிருக்கும் மனை குடியிருக்கிறவருக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த சமயம். கூலிச் சண்டையில் ஊரே இரண்டு பட்டுக் கிடந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாக வந்து, கணக்கெடுக்க ஆள் வரும்போது இது எங்கள் வீடு என்று சொல்லுங்கள், அது போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

கணக்கெடுக்க வந்தவர், என் கட்டுரையை வகுப்பில் வாசித்த அதே வாத்தியார். பள்ளிக்கூடத்து வாத்தியார்களை அந்த வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். கூடப் பண்ணையாரின் காரியஸ்தர். அப்பாவும் அம்மாவும் நடவில் இருந்தார்கள். நாலு வயதுத் தம்பி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றேன்.

“நீ இங்க என்ன பண்ற? இதுவா உங்க வீடு?” என்று கேட்டார் வாத்தியார். கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

“இது எங்க வீடு இல்ல சார்” என்றேன்.

“அப்ப யாரு இருக்காங்க?”

“யாரும் இல்ல சார். வைக்கோல் போடுற கொட்டாய்.”

காரியஸ்தர் என்னை ஒரு முறை பார்த்தார். “ஆமாங்க சார், பண்ணையோட வைக்கோல் கொட்டாய்தான்” என்றார். வாத்தியார் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. காரியஸ்தரே வரப்பில் நின்று, உன் பெண்ணே சொல்லிவிட்டது என்று சிரித்துக்கொண்டு சொன்னாராம். சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் கொதித்துப்போய் வந்தார்கள். யார் அப்படிச் சொன்னது, மனு போடுவோம், சொன்னவரே விசாரணைக்கு வந்து மாற்றிச் சொன்னால் போதும் என்றார்கள். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான் சொல்லச் சொன்னேன். பண்ணையோட எதுக்கு வம்புன்னு வேணாம்னுட்டேன்” என்றார்.

என்னைத் தாலுகா ஆபீஸில் வாத்தியார் முன்னால் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவேன் என்று பயந்திருப்பார். நின்றுதான் இருப்பேன். அடுத்த அறுப்புக்குள் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். நாங்கள் ரோட்டோரப் புறம்போக்குக்குப் போனோம். அன்று கணக்கில் ஏறிய மற்றக் குடும்பங்கள் எல்லாம் இன்று அவரவர் மனையில் மெத்தை வீடு கட்டியிருக்கின்றன.

தம்பி புறம்போக்கில் வளர்ந்தான், பெரியவனாகிச் சங்கத்தில் சேர்ந்தான். சொந்த மனையை வேண்டாம் என்று சொன்ன கோழையின் மகன் என்று அங்கே அவனை ஏளனம் செய்தார்கள். அவன் அதை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தான். கடைசிவரை அவன் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நான் சம்பளம் வாங்கினேன், கல்யாணம் செய்துகொண்டேன், மாத்திரை கொடுத்தேன். வெட்கங்கெட்டவள் என்று என்னை யாரும் திட்டவில்லை என்பதால் நானே இங்கே திட்டிக்கொள்கிறேன்.

கடைசி வாரம் எல்லோரும் வீட்டாரை அழைத்துவந்து கவிதையை வாசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள் அந்தப் பெண். “அக்கா கவிதை எழுதுதாம், நான் வராம இருப்பனா” என்று தம்பி நீடாமங்கலத்திலிருந்து வருவதாகச் சொன்னான். இரண்டு நாள், அவன் காதில் படக்கூடாத அடிகளை மட்டும் எடுத்துவிடப் பார்த்தேன். அந்த வடிவம் விடவில்லை. ‘இது எங்கள் வீடு இல்லை’யை எடுத்தால் இரண்டாம் பத்தியிலும் மூன்றாம் பத்தியிலும் ஓட்டை விழுகிறது. அப்பா பழி ஏற்றதை எடுத்தால் மூன்றும் நாலும் கழன்றுகொள்கின்றன. எந்த அடியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

இன்னொன்றும் நடந்தது. முதல் பத்தியின் மூன்றாம் அடியை நான் சும்மா இடம் நிரப்பத்தான் எழுதியிருந்தேன், அந்த நேரம் அப்பா எங்கே இருந்தார் என்று. அது கடைசிப் பத்தியில் பழிக்குப் பக்கத்தில் போய் நின்றபோது, அவர் சொல்லச் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அதைப் பார்த்தபின் பழைய முற்றத்துக் கவிதையைக் கிழித்துப் போட்டேன்.

தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் தாளைப் பிரித்து வாசித்தேன்.

*வாய்க்கால் கரையில் எங்கள் வீடு இருந்தது.*
*வாசலில் நின்று நான் பதில் சொன்னேன்.*
*அப்பா தலையில் நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்தார்.*
*எழுத வந்தவர் பேனாவை மூடினார்.*

*வாசலில் நின்று நான் பதில் சொன்னேன்:*
*இது எங்கள் வீடு இல்லை.*
*எழுத வந்தவர் பேனாவை மூடினார்.*
*யாரும் என்னைக் கேட்கவில்லை.*

*இது எங்கள் வீடு இல்லை.*
*பழியை அப்பா ஏற்றுக்கொண்டார்.*
*யாரும் என்னைக் கேட்கவில்லை;*
*நான் வாயைத் திறக்கவில்லை.*

*பழியை அப்பா ஏற்றுக்கொண்டார்.*
*அப்பா தலையில் நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்தார்.*
*நான் வாயைத் திறக்கவில்லை.*
*வாய்க்கால் கரையில் எங்கள் வீடு இருந்தது.*

கை தட்டினார்கள். தமிழாசிரியர் எழுந்து, கடைசி அடி முதலிலும் வந்ததுதான், ஆனால் இப்போதுதான் புரிகிறது என்று ஏதோ சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தப் பாராட்டு கூசியது. ஒரு தப்பைச் சரியான வரிசையில் அடுக்கியதற்குக் கிடைத்த கைதட்டல்தானே.

தம்பி தட்டவில்லை. எல்லோரும் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். அவன் மட்டும் இருந்த நாற்காலியிலேயே இருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து தாளை நீட்டினேன். வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு அடியாகப் படித்தான். ஒரு அடி திரும்ப வரும்போதெல்லாம் மேலே போய் அதே அடிதானா என்று சரிபார்த்துக்கொண்டான்.

“அவரு அன்னிக்கி வயல்ல இருந்தாரா?” என்றான்.

“வயல்லதான்டா இருந்தாரு. அம்மாவும் வயல்லதான். வாசல்ல நான் மட்டும்தான் நின்னேன்.”

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவன் தாளை நாலாக மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

“புறம்போக்குல வெள்ளம் வந்து அடுப்பெல்லாம் கரைஞ்சுபோச்சே, அன்னிக்கி அவரு சட்டையப் புடிச்சு, ‘நீயெல்லாம் ஒரு ஆம்பளையா’ன்னு கேட்டேன்க்கா. அவரு ஒன்னத்தான் பாத்தாரு. எதுக்கு அவரு ஒன்னப் பாக்குறாருன்னு நான் அப்ப யோசிக்கவே இல்ல.”

“ஆமா. என்னத்தான் பாத்தாரு” என்றேன்.

“நீ என்ன பண்ணுன அப்ப?”

“குனிஞ்சு பாத்திரம் பொறுக்குனேன்.”