வெள்ளை மதிலின் கோடு

வேலை நேரத்தில் அப்பா எனக்கு அழைப்பதே இல்லை. ஒபிசில் இருக்கும் பிள்ளையைக் குழப்பக்கூடாது என்பது அவராகவே போட்டுக்கொண்ட சட்டம். அதனால் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவருடைய அழைப்பு வந்ததும் கதிரையைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போனேன்.

"பிள்ளை, எங்கட முன்மதிலை இடிக்கப் போறாங்களாம். சிவப்புப் பெயின்டால குறுக்கும் மறுக்குமாப் புள்ளடி போட்டிட்டுப் போறாங்கள்."

"ஆரப்பா?"

"பிரதேச சபையால வந்த ஆக்கள். ஏனெண்டு கேட்டன். படத்தில அப்பிடித்தான் கிடக்காம். யாழ்ப்பாணத்தில ஒரு ஒபிசில கீறின படமாம்." பிறகு கேட்டார். "உன்ர ஒபிசோ?"

எங்கள் ஒபிசுதான்.

நான் நெடுந்தீவில் பிறந்தவள். அப்பாவின் பக்கத்திலும் அம்மாவின் பக்கத்திலும் ஒழுங்காகப் படித்து முடித்த முதல் ஆள் நான். கட்டடப் படவரைவு படித்து, யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். அதை நான் அடக்குவதில்லை.

எங்கள் தீவின் இறங்குதுறையில் இருந்து கோயில்வரை போகும் வீதியைச் சீராக்க ஒரு திட்டம் வந்திருந்தது. நிழல் மரங்கள், நடைபாதை, உட்காரக் கல் இருக்கைகள். வீதி எப்படி இருக்கப்போகிறது என்று காட்ட நீளமான ஒரு படம் கேட்டிருந்தார்கள். வீதியின் புகைப்படங்களைக் கணினியில் கோட்டுப் படமாக மாற்றி, அதன்மேல் புதிய மரங்களையும் இருக்கைகளையும் வரைந்து, நீர்வண்ணம் போல மெல்லிய நிறம் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் வேறொரு வீட்டு வேலையில் இருந்ததால் அந்தப் படம் பக்கத்து மேசை அண்ணையிடம் போயிருந்தது. புகைப்படம் எடுத்துவந்தவரும் அவர்தான்.

திரும்பி வந்து அவருடைய திரையில் படத்தைத் திறக்கச் சொன்னேன். வடிவான படம். பனைகள் நிமிர்ந்து நின்றன. கோயிலின் முகப்பு கூர்மையாக விழுந்திருந்தது. எங்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். கூரை இருந்தது. கதவு இருந்தது. மதில் இருந்த இடத்தில் சிறுசிறு துண்டாக முறிந்த ஒரு கோடு ஓடியது.

எங்கள் தொழிலில் இருக்கிற கட்டடத்தை முறிகோட்டால் போட்டால், அது அகற்றப்பட வேண்டியது என்று அர்த்தம். சபையின் தொழில்நுட்ப அலுவலர் படம் வாசிக்கத் தெரிந்தவர். பிழையில்லாமல் வாசித்திருக்கிறார். வாசிக்கத் தெரியாத ஒருவர் பார்த்திருந்தால் ஒன்றுமே நடந்திராது.

"அண்ணை, இந்த மதிலை ஏன் முறிகோடாப் போட்டனீங்கள்?"

"நான் எங்க போட்டனான்? தானா அப்பிடி வந்தது. வடிவாத்தானே கிடக்கு?"

"வடிவுதான். அதை இடிக்கப் போறாங்கள்."

"ஆற்ற மதில்?"

"எங்கட."

அண்ணை மவுஸில் இருந்து கையை எடுத்துவிட்டார்.

மூலப் புகைப்படத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வெளியில் இருந்து நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் போய்விடுவார்கள். ஆகவே அவர்கள் எடுக்கும் படம் எல்லாம் நடுமத்தியானப் படம். வெயில் உச்சியில் நிற்கும், நிழல் இராது. இன்னொன்றும் இருந்தது. எங்கள் வீதியால்தான் வேதக்கோயில் பெருநாளுக்குப் புனிதரின் சுருவம் சுற்றி வரும். வருகிற வழியில் இருக்கிற குடும்பங்கள் எல்லாம் அதற்கு முன் மதிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். யாருடையது கூடுதலாக வெளுக்கிறது என்று ஒரு சின்னப் போட்டியும் உண்டு. அப்பா அதில் தோற்றதில்லை.

கணினி கோட்டை எங்கே போடும்? வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில். வெள்ளை மதில், வெளிறிய வானம், வெள்ளை மணல் மூன்றும் மத்தியான வெயிலில் ஒரே நிறமாகிவிட்டன. மதில் கட்டிய பவளக்கல்லின் பொந்துகளில் அங்கங்கே விழுந்த நிழலை மட்டும் அது பிடித்திருக்கிறது. அதனால் கோடு துண்டுதுண்டாக வந்திருக்கிறது. எங்களுக்குப் பக்கத்து வளவுக்காரர் வெளிநாடு போய்ப் பலகாலம். அவர்களுடைய மதில் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. படத்தில் அது மட்டும் ஒரு முறிவும் இல்லாமல், கம்பி போட்டதுபோல நின்றது. வருடாவருடம் வெள்ளையடித்தவர்களின் மதிலுக்குத்தான் புள்ளடி.

"கொஞ்சம் நில்லும்" என்று அண்ணை கோடு பிடிக்கும் அளவைக் கூட்டினார். மதிலின் ஒவ்வொரு பொந்தும் ஒவ்வொரு கோடானது. புற்றுக்குள் இருந்து எறும்பு கிளம்பியதுபோல வீதியே கறுத்துப்போயிற்று. பிறகு, படத்தைத் தானாகவே வரைந்து தரும் செயலி ஒன்றில் அதே புகைப்படத்தைப் போட்டார். அது கல்லை எல்லாம் அழித்துவிட்டு, நேர்வரிசையில் செங்கல் அடுக்கி, மதிலின்மேல் இரண்டு விளக்கும் வைத்துத் தந்தது.

"உம்மட கொப்பருக்குப் புது மதிலே கட்டிக் குடுத்திருக்கு" என்றார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "சரி, சேரிட்டைச் சொல்லுவம்" என்று எழுந்தார்.

அலுவலகத்தை நடத்தும் எங்கள் சேர் உடனேயே தொழில்நுட்ப அலுவலருக்கு அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயில் மண்டபத்தில் வீதிச் சனத்துக்குக் கூட்டம். திங்கட்கிழமை மதில் இடிக்கும் பெக்கோ இயந்திரம் வேலையைத் தொடங்கும். அவருடைய கையில் இருக்கிற படத்தில் முறிகோடு இருந்தால் அவர் முறிகோட்டின்படிதான் செய்வார். கூட்டத்துக்குச் சரியான படம் வந்தால் அதன்படி.

சேர் என்னைப் பார்த்தார். "உம்மட ஊர். நீரே போய்ப் புதுசா எடும். கூட்டத்தில நீரே விளங்கப்படுத்தும்."

அடுத்தநாள் அரை நாள் வேலையுடன் கிளம்பினேன். மண்கும்பான், மடத்துவெளி எல்லாம் பஸ் ஜன்னலுக்கு வெளியே போனது தெரியும், ஒன்றையும் பார்க்கவில்லை. கடைசிப் படகில் இறங்கி வீட்டுக்குப் போனபோது அப்பா ஈரச் சாக்கால் சிவப்புப் புள்ளடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பவளக்கல் பெயின்டைக் குடித்துவிட்டிருந்தது. தேய்க்கத் தேய்க்கச் சுண்ணாம்புதான் போனது.

"உந்தப் படம் கீறவோ இவ்வளவு படிச்சனீ?" என்றார், திரும்பாமலே.

"அதை மாத்திறதுக்கும் அந்தப் படிப்புத்தான் வேணும் அப்பா."

அம்மா குசினிக்குள் இருந்து, "முதல் தேத்தண்ணியைக் குடிக்க விடுங்கோவன். மதில் இரவுக்கு எங்கயும் ஓடாது" என்றார்.

விடிந்து வெயில் ஏறமுன் வீதிக்கு வந்தேன். எங்கள் வீதி கிழக்கு மேற்காகப் போகிறது. காலை வெயில் மதிலை உரசிக்கொண்டு பக்கவாட்டாக வந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிழல். மதிலின் மேல்விளிம்பு, பின்னாலிருந்த முற்றத்தின் இருட்டுக்கு எதிரே வெள்ளையாக எழுந்து நின்றது. எதிர்ப்பக்க வேலியோடு முதுகை ஒட்டி நின்று, கமராவைச் சாய்க்காமல் மட்டமாகப் பிடித்து, ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி துண்டு துண்டாக எடுத்துக்கொண்டே போனேன். கமரா அண்ணாந்தால் சுவரெல்லாம் பின்பக்கம் சாய்ந்து விழும். பிறகு அதை நிமிர்த்துவது பெரும்பாடு.

அம்மா கொடியில் கிடந்த உடுப்பை ஓடியோடி எடுத்தார். பசுவையும் இழுத்துக்கொண்டு போனார். அப்பா மட்டும் புள்ளடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பா, கொஞ்சம் விலகுங்கோ."

"ஏன் விலகோணும்? இடிக்கிறதெண்டால் என்னையும் சேர்த்து இடிக்கட்டும்."

விட்டுவிடலாம் என்று நினைத்தேன். வீதிப் படத்தில் ஒரு மனிதர் நின்றால்தான் மதில் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவருக்குப் பிடிபடும். "அப்ப அப்பிடியே நில்லுங்கோ" என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் நின்றார்.

அந்தப் பகல் முழுவதும் குசினி மேசையில் மடிக்கணினியுடன் இருந்தேன். காலைப் புகைப்படங்களில் கணினி நல்ல கோடு தந்தது. அதை அப்படியே விடவில்லை. அந்தக் கோடுகளை மங்கலாக்கிக் கீழே வைத்து, மேலே வேறு ஓர் அடுக்கில் மதிலின் வெளிக்கோட்டை என் கையாலேயே இழுத்தேன். எங்கள் மதில் நடுவில் கொஞ்சம் தொய்ந்து போகும். அந்தத் தொய்வை நிமிர்த்தவில்லை. கல்லின் சொரசொரப்புக்கு மெல்லிய கோடு, மதிலின் விளிம்புக்குத் தடித்த கோடு, எங்கும் முறிவு இல்லை. வெள்ளையடித்த எல்லா வீடுகளுக்கும் அதையே செய்தேன். அடியில் தமிழில் எழுதினேன்: கறுப்புக் கோடு இப்போது இருப்பது, இருக்கப்போவது. பச்சைக் கோடு புதிதாக வருவது. இந்தப் படத்தில் முறிகோடு இல்லை.

படத்தைச் சேருக்கு அனுப்பினேன். பெரிய தாளில் அச்சடித்த சுருளுடன் ஞாயிறு காலைப் படகில் அண்ணை வந்து இறங்கினார். முகம் வெளிறியிருந்தது.

"தங்கச்சி, உந்தக் கடலால நீர் ஒவ்வொரு மாசமும் வாறனீரோ?"

"ஓம். வாங்கோ, எங்கட மதிலைப் பாருங்கோ."

பார்த்தார். தொட்டும் பார்த்தார். "அண்டைக்குக் கமராவுக்குள்ளாலதான் பாத்தனான். எவ்வளவு மொத்தமாக் கிடக்கு" என்றார் மெதுவாக.

மண்டபத்தில் படத்தைச் சுவர் நீளத்துக்கு ஒட்டினோம். முறிகோடு எப்படி வந்தது என்று சனத்துக்கு முன்னால் சொன்னேன். மத்தியான வெயிலையும் சுண்ணாம்பையும் பற்றிச் சொன்னபோது பின்னால் இருந்து ஒரு மாமி, "அப்ப வெள்ளையடிச்சதுதான் நாங்கள் செய்த குற்றமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தொழில்நுட்ப அலுவலர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தின் ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை விரலை ஓட்டிக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் வந்து விரல் நின்றது.

"முழுக்கோடு" என்றார். "சரி. எனக்குப் பிரச்சினை இல்லை."

"அப்ப மதில் நிக்குமோ?" அப்பா எழும்பி நின்றார்.

"நிக்கும் ஐயா. வீதி உங்கட மதிலுக்கு வெளியாலதான் போகுது. புள்ளடியை நீங்கள் அழிக்கலாம்."

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு முழுதாக வந்தது. வியாழக்கிழமை தொடக்கம் அரைமூச்சில் இருந்திருக்கிறேன் போலும்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் படத்துக்குக் கிட்டப் போய்த் தன்னைத் தேடினார். கண்டுபிடித்துக் குனிந்து பார்த்தார்.

"என்ர சாரம் ஏன் இவ்வளவு உயர்த்திக் கட்டிக் கிடக்கு?"

"நீங்கள் அப்பிடித்தானே கட்டியிருந்தனீங்கள்."

"நல்லதாக் கீறியிருக்கலாம்தானே" என்றார். ஆனால் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், "எங்கட பிள்ளை கையால கீறினது" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அன்று பின்னேரமே சுண்ணாம்பைக் கரைத்துவிட்டார். பெருநாள் எங்கேயோ கிடக்கிறது, இப்போது என்ன அவசரம் என்று அம்மா கேட்டார். அப்பா கேட்கவில்லை. புள்ளடி இருந்த இடத்தை மூடி, பிறகு மதில் முழுவதையும் அடித்தார். காய்ந்த பிறகு பார்த்தால் மதில் வெள்ளையாக இல்லை. மெல்லிய நீலமாக இருந்தது.

"என்னப்பா, சுண்ணாம்புக்குள்ள நீலத்தைக் கூடப் போட்டிட்டியளோ?"

தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டு, சாரத்தை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"வேணுமெண்டுதான் போட்டனான். உங்கட ஆக்கள் திரும்பவும் மத்தியானத்தில வந்து படம் எடுத்தாலும் எடுப்பாங்கள்."