சோறு தின்ற பிறகு வந்த தூக்கம்

இருபது வருடமாக மரக்காணம் உப்பளங்களிலிருந்து திண்டிவனம் பக்கம் உப்பு லோடு ஓட்டுகிறேன். அன்றுவரை வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை.

அன்று வைகாசி வெயில். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்தாயிற்று. என் மனைவி உப்பளத்தில் வேலை செய்கிறாள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் வீட்டில் எல்லோரும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவோம். மூட்டை ஏற்றி முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. அவள் கட்டிக் கொடுத்த அடுக்கு டிபனைத் திறந்தேன். மூன்று தட்டு நிறையச் சோறு, காரக்குழம்பு, ரசம், கடைசியில் மோர். பசியில் ஒரு பருக்கை மீதம் வைக்கவில்லை. உடனே வண்டியை எடுத்தேன்.

பிரம்மதேசம் தாண்டியதும் கண் சொருகத் தொடங்கியது. கன்னத்தைத் தட்டிக்கொண்டேன், ஜன்னலைத் திறந்தேன், தண்ணீர் குடித்தேன். அடுத்து நினைவிருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோடுமேன் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்ததுதான். வண்டி சாலையை விட்டு இறங்கி, ஒரு பனைமரத்துக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் புதைந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. இரண்டு மூட்டை மட்டும் சரிந்து விழுந்து கிழிந்திருந்தது.

போன் பண்ணியதும் லாரி ஓனர் பைக்கில் வந்தார். முதலில் என் முகத்துக்கு நேரே குனிந்து, "ஊதுப்பா" என்றார்.

நான் குடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஊதினேன். லோடுமேன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு, "உனக்குச் சுகரு வந்திருக்கும்யா. நாளைக்கு வெறும் வயித்தோட வா, போவலாம்" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரியில் சாப்பிடாமல் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சீட்டைப் பார்த்துவிட்டு, "சுகர் இல்லை, நார்மல்தான்" என்றார். எத்தனை மணிக்கு எழுவீர்கள், எப்போது படுப்பீர்கள், மத்தியானம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்.

"சாப்பிட்டா ரத்தம் எல்லாம் வயித்துக்குப் போயிடும், மூளைக்குப் பத்தாது, அதான் தூக்கம்னு சொல்றாங்களேம்மா?" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா மூளை தனக்கு வேணுங்கற ரத்தத்தை விட்டுக்கொடுக்காது. நீங்க வெறும் சோறா நிறைய சாப்பிடுறீங்க. ரத்தத்துல சர்க்கரை சட்டுனு ஏறுது, இன்சுலின் நிறைய சுரக்குது. நம்மள முழிப்பா வச்சிருக்கற செல்லுங்க மூளையில இருக்குது, அதுங்க அந்த நேரத்துல அடங்கிப்போவுதுன்னு நினைக்கிறாங்க. வயிறு நிறைஞ்சதும் குடல்ல இருந்தும் ஓய்வெடுன்னு சேதி போவுது. எது எவ்வளவுன்னு இன்னும் முழுசா தெரியல. இதோட, சாப்பிடலைன்னாலும் மத்தியானம் ரெண்டு மணி வாக்குல யாருக்கும் உடம்பு கொஞ்சம் மந்தமாவும். நீங்க மூணு மணிக்கு வேற எழுந்திருக்கிறீங்க. எல்லாம் ஒரே நேரத்துல சேர்ந்துக்குது."

என் மனைவி, "அப்ப நான் போட்ட சோறாலதானா?" என்று கேட்டாள்.

"உங்க மேல தப்பு இல்லைங்க. நானும் இப்பதான் தயிர் சாதம் சாப்பிட்டேன், எனக்கும் கண்ணு சொக்குது. ஆனா நான் லாரி ஓட்டல."

சோற்றைப் பாதியாக்கி, காய், மீன், சுண்டல் என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சாப்பிட்டதும் இருபது நிமிடம் வண்டியை ஓரம் கட்டித் தூங்கிவிட்டு, முகம் கழுவி நாலு எட்டு நடந்த பிறகு எடுக்கச் சொன்னார். ராத்திரி சீக்கிரம் படுக்க வேண்டும் என்றார். "கண்ணு சொருகுதுன்னா ஓட்டாதீங்க. கன்னத்துல தட்டிக்கிட்டா தூக்கம் போயிடாது."

முதல் வாரம் எனக்கு எரிச்சல்தான். ஒரு தட்டுச் சோறும் மூன்று மடங்கு முருங்கைக்கீரையும் பார்த்ததும் யாரோ தண்டித்தது போலிருந்தது. மாலையில் மனைவியிடம் சிடுசிடுத்தேன். அவள் மறுநாள் கீரைக்குப் பதில் வறுத்த மத்தி மீன் வைத்தாள்.

ஓனரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "தினமும் இருபது நிமிஷம் நிறுத்தித் தூங்கிட்டுத்தான் எடுப்பேங்க" என்றேன்.

"லோடு லேட்டாவுமே?"

நான் வாய் திறப்பதற்குள் லோடுமேன், "நானும் அந்த வண்டியிலதாங்க உக்காந்திருக்கேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது" என்றார். ஓனர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நிழலாப் பார்த்து நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

தூக்கம் முழுக்கப் போய்விடவில்லை. இரண்டு மணிக்கு இன்னும் கொட்டாவி வரும். ஆனால் பழையபடி கண்ணை இழுத்துக்கொண்டு போகிற கனம் இல்லை. வண்டி எடுக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என் மனைவி நண்டுக் குழம்பு வைப்பாள். அன்றைக்குச் சோற்றுக்கு அளவு கிடையாது. இருவரும் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே பாய் போட்டு நாலு மணி வரைக்கும் படுத்திருப்போம்.