வட்டத்தை மிஞ்சிய வில்

சேலத்தில் பி.யு.சி. படித்தபோது எங்களுக்குத் திரிகோணமிதி எடுத்த லெக்சரரை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. கோணத்தை டிகிரியிலிருந்து ரேடியனுக்கு மாற்றத் தெரியாதவரல்ல அவர். π-யால் பெருக்கி நூற்றெண்பதால் வகுக்கச் சொல்லி ஒரு பயிற்சி முழுக்கப் போட வைத்தார். அடுத்த பயிற்சிக்குப் போனதும் அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டார்.

அடுத்தது வட்டத்தின் வில். ஆரத்தைக் கோணத்தால் பெருக்கினால் வில்லின் நீளம் வரும். ஆனால் கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். ஆரம் இருபத்தோரு அடி, கோணம் அறுபது டிகிரி. மனுஷன் அறுபதை அப்படியே பெருக்கி 1260 அடி என்று போர்டில் எழுதினார்.

என் பக்கத்தில் உட்காருகிறவன் எழுந்தான். எடப்பாடிக்காரன், தறிக்காரர் வீட்டுப் பையன்.

"ஏனுங்க சார், வட்டம் முழுசாச் சுத்துனாலே நூத்தி முப்பத்திரண்டு அடிதானுங்க. அதுல ஒரு துண்டு எப்படிங்க இவ்வளவு வரும்? அறுபது டிகிரின்னா π-ல மூணுல ஒரு பங்கு ரேடியனுங்க. பெருக்குனா இருபத்திரண்டு அடிதானுங்க வருது."

"ஃபார்முலாவை விடப் பெரிய ஆளா நீ? நில்லு அப்படியே."

மணி அடிக்கும்வரை நின்றான். வகுப்பே குனிந்து 1260-ஐ எழுதிக்கொண்டது. முன்வரிசையில் ஒருத்தன் சரியாகப் போட்டிருந்ததை அடித்துவிட்டு எழுதினான்.

செலக்ஷன் தேர்விலும் அதே கணக்கைக் கேட்டார். அதில் தேறினால்தான் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அனுப்புவார்கள். தேறாவிட்டால் தறியில் வந்து உட்கார வேண்டும் என்று எடப்பாடிக்காரனின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். நான் இருபத்திரண்டு என்று எழுதிப் பூஜ்யம் வாங்கினேன். மற்ற கணக்குகள் காப்பாற்றின. அவன் 1260 எழுதி முழு மார்க் வாங்கினான், அந்த மார்க்கில்தான் தேறினான்.

"உனக்குமாடா வெக்கமில்லை?" என்றேன்.

"வெக்கத்தைப் பாத்தா ஊட்டுக்குத்தான் போவோணும்," என்றான்.

அவன்மேல் கோபப்பட முடியவில்லை. அவனை அப்படி எழுத வைத்த ஆள்மேல்தான் அருவருப்பு.

பல்கலைக்கழகப் பரீட்சையிலும் ஒரு வில் கணக்கு வந்தது. எண்கள் வேறு, கோணம் அங்கேயும் டிகிரியில்தான். விடைத்தாள் எங்கேயோ வெளியூர் போகிறது. எங்கள் லெக்சரரின் கை அதில் படாது. இங்கேயாவது நிமிர்ந்து எழுதியிருப்பான் என்று ஆசையோடு வெளியே வந்ததும் கேட்டேன்.

"ரேடியனுக்கு மாத்தித்தானே போட்ட?"

"மாத்தியும் போட்டிருக்கேன், மாத்தாமயும் போட்டிருக்கேன்," என்றான். "திருத்தறவரு எப்படிப்பட்டவரோ, யாரு கண்டா?"