லாரிக்காரர் போட்ட கழுத்து

லாரி ஆபீஸில் அவரை ‘ஊசி’ என்பார்கள். மனைவியின் கம்பளி நூல் கடைக்கு வரும் பெண்களோ ‘லாரி’ என்பார்கள். பட்டப்பெயர் வைத்தவர்கள் எல்லோருக்கும் அவர்மேல் பிரியம்தான். ஆறடி ஆள், கை இரண்டும் உலக்கை மாதிரி, அந்தக் கையில் இரண்டு மெல்லிய ஊசி. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும்.

பின்னல் அவருக்குக் காத்திருப்பில் வந்த பழக்கம். சரக்கு இறக்கப் போனால் கிடங்கு வாசலில் வண்டியோடு வரிசையில் நிற்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். இவருக்குப் பகலில் தூக்கம் வராது. சீட்டில் தோற்றால் கோபம் வேறு வரும். ஒரு தடவை மனைவிதான், “சும்மா உக்காந்து ஸ்டியரிங்கைத் தட்டிக்கிட்டு இருக்கறதுக்கு இதைப் பின்னுங்க” என்று ஒரு பந்து நூலைக் கையில் கொடுத்தாள். விளையாட்டாகச் சொன்னது, வினையாகவில்லை, வருமானமானது. ஸ்வெட்டரின் முதுகு, முன்பக்கம், கை எல்லாம் வண்டிக்குள்ளேயே வளர்ந்தன. மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டுதான் பின்னுவார். நூலில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டதில்லை.

கழுத்து மட்டும் அவருக்குப் படியவே இல்லை. உடம்பைப் பின்னி, தோளைச் சேர்த்து, மனைவியிடம் கொடுத்துவிடுவார். கழுத்து விளிம்பைச் சுற்றிப் புதிதாக நூல் வளையங்களாகக் கண்ணி எடுத்து, இரண்டு நேர்ப் பின்னல், இரண்டு எதிர்ப் பின்னல் என்று வரிவரியாகக் காலர் பின்னுவது அவள் வேலை. ஊருக்குள் பின்னுகிறவர்கள் நிறைய. அவள் போடுகிற கழுத்துக்கு மட்டும் தனிப் பேர். இழுத்தால் விரியும், விட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஓர் ஓட்டை இருக்காது, ஒரு நெளிவு இருக்காது.

அந்த வருஷம் குளிர் தொடங்கும்போது மருத்துவமனை நர்சுகளின் பாட்டுக் குழுவிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. எல்லாருக்கும் ஒரே கரும்பச்சையில் ஸ்வெட்டர். மேடையில் தோளோடு தோள் நின்று பாடப் போகிறவர்கள். உடம்புகளை இவரும் இன்னும் சில பெண்களுமாகப் பின்னி முடித்தார்கள். மனைவி பாதிக் கழுத்துகளைப் போட்டுவிட்டாள். அப்போதுதான் கடைக்குள் ஏணியிலிருந்து வழுக்கி, விழாமல் இருக்க வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது. விரல் நுனி மட்டும் வெளியே தெரிய மாவுக்கட்டு.

பாட்டுக் குழுவின் தலைவி வந்து பார்த்தாள். நல்ல பெண்மணி, பருத்த உடம்பு, கணீரென்ற குரல். “கை முதல்ல ஆகட்டும். நாங்க போன வருஷத்து உடுப்பையே போட்டுக்கறோம்” என்றாள். சொல்லிவிட்டு, மேஜை மேல் கழுத்தில்லாமல் கிடந்த ஸ்வெட்டர்களைப் பார்த்த பார்வையில் ஆசை தெரிந்தது.

அவள் போனதும் இவர் சொன்னார்: “நான் போடறேன்.”

மனைவி சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் பாதி தைரியம். கல்லாவில் உட்கார்ந்திருந்த மாமியார்தான், “லாரி ஓட்டற மாப்பிள்ளை கப்பல் ஓட்டறேன்னு சொல்றாரே” என்றார்.

லாரி ஆபீஸில் சொல்லி வெளியூர்ப் பயணங்களைக் குறைத்துக்கொண்டார். மதியங்களில் கடையின் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொன்னாள்.

“தோள் தையல்ல ஆரம்பிங்க. வெளிப்பக்கம் உங்களைப் பாத்து இருக்கணும். விளிம்புல ஊசியைக் குத்தி, பின்னாலேருந்து நூலை வளையமா முன்னால இழுங்க. அதுதான் ஒரு கண்ணி. அப்படியே சுத்தி வந்துடுங்க.”

“எங்கெங்க குத்தணும்?”

“எங்க தோணுதோ அங்க.”

அதுதான் சிக்கல். அவளுடைய கைக்குத் தோன்றும். இவர் கைக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரிந்த வரிசை ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்தார். காலர் நாலு விரல் உயரம் வளர்ந்ததும் அது அலை அலையாகத் துள்ளி நின்றது.

“இது கழுத்தா, கோழிக் கொண்டையா?” என்றார் மாமியார்.

பிரித்தார். அடுத்த முறை, ஆத்திரத்தில், ஒன்று விட்டு ஒன்று எடுத்தார். கழுத்து சுருக்குப் பையாக இழுத்துக்கொண்டது. ஒரு குழந்தையின் தலைகூட நுழையாது. அதையும் பிரித்தார். மூன்றாவது தடவை, முன்கழுத்தில் நிறைய, பக்கத்தில் குறைய என்று மனம் போனபடி எடுத்தார். ஒரு பக்கம் சரியாக இருந்தது, மறுபக்கம் தொங்கியது. விளிம்பின் ஓரத்து நூலிலேயே குத்தியிருந்ததால் அது இளகி, வரிசையாகச் சல்லடைக் கண்கள் வேறு.

மனைவி நல்ல கையால் அதை வாங்கிப் பார்த்தாள். எது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படித் திருத்துவது என்று சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. “என் கையைக் கழட்டி உங்களுக்குக் குடுக்க முடிஞ்சா நல்லாருக்கும்” என்றாள், கண் கலங்கி. வலியும் இருந்தது, இயலாமையும் இருந்தது. அவர் ஸ்வெட்டரை மடித்து வைத்துவிட்டு வண்டிக்குப் போனார்.

அன்றைக்கு ஏற்றியது மூட்டைகள். மேலே தார்ப்பாயைப் போட்டுக் கட்ட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக இழுத்துக் கட்டிக்கொண்டே போவார்கள். கடைசி மூலைக்கு வரும்போது பாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், மறுபக்கம் தொய்யும். இவர் அப்படிச் செய்யமாட்டார். நான்கு மூலை, பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடு, பிறகு அந்தப் பாதிகளின் நடு. மிச்சக் கயிறுகள் தாமாகப் போய் இடத்தில் உட்காரும். மூன்றாவது கயிற்றை முடிந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஏற்றுக் கூலிக்காரர் ஒருவர், “என்ன ஊசி, பாம்பு கீம்பா?” என்று கேட்டார்.

மறுநாள் கடையில் ஒரு டப்பா ஊக்குகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரு தோள் தையலிலும் ஒவ்வொன்று, முன்கழுத்தின் நடுவில் ஒன்று, பின்கழுத்தின் நடுவில் ஒன்று, ஒவ்வொரு இடைவெளிக்கும் நடுவில் இன்னொன்று குத்தினார். இடப்பக்கம் இரண்டு ஊக்குக்கு நடுவே எத்தனை கண்ணியோ, வலப்பக்கம் அதே இடத்தில் அத்தனையே வர வேண்டும். இப்போது தப்பு நடந்தாலும் ஓர் அறைக்குள்தான் நடக்கும், கழுத்து முழுக்கப் பரவாது.

எத்தனை என்பது மட்டும் பாக்கி. மனைவி முடித்துவைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்து எண்ணினார். ஆனால் ஆளுக்கொரு அளவு. பருத்த தலைவிக்குப் போடுவது ஒல்லி நர்சுக்கு ஆகாது. அப்படியே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், தைக்காமல் கிடந்த ஸ்வெட்டர் கை ஒன்றை எடுத்து ஸ்வெட்டரின் உடம்பின் மேல் குறுக்காக வைத்தார். ஒரு கண்ணியின் அகலமும் ஒரு வரிசையின் உயரமும் சமமில்லை. கண்ணி அகலம், வரிசை குட்டை. நான்கு வரிசை ஏறுகிற உயரத்தில் மூன்று கண்ணி படுத்துக்கொள்கிறது. அவள் போட்ட கழுத்தின் செங்குத்தான பக்கத்தை உற்றுப் பார்த்தார். மூன்று வரிசையில் ஒவ்வொன்று எடுத்து, நான்காவதைத் தாண்டியிருந்தாள். மறுபடி மூன்று, மறுபடி ஒரு தாண்டல். பின்கழுத்திலும் முன்கழுத்தின் அடியிலும், விளிம்பு நேராக முடிந்த இடத்தில் மட்டும், ஒன்றுக்கு ஒன்று.

“நீ நாலுல மூணு எடுக்கற” என்றார்.

“நானா?”

“பாரு.”

அவள் குனிந்து விரலால் தடவி எண்ணினாள். முகத்தில் மெல்ல ஓர் ஆச்சரியம் பரவியது. “இத்தனை வருஷமா எனக்கே தெரியாதுங்க” என்றாள்.

அதன்பிறகு இருவருக்கும் பேச வார்த்தை கிடைத்துவிட்டது. அவர் கேட்டால் அவள் தன் பழைய கழுத்துகளைப் பார்த்துச் சொன்னாள். ஓரத்து நூலில் குத்தாமல் ஒரு முழுக் கண்ணி உள்ளே தள்ளிக் குத்த வேண்டும், அப்போதுதான் பிடிமானம். நேராக முடிந்த இடத்தில் மேலே சங்கிலி மாதிரி கிடக்கும் விளிம்பில் குத்தக்கூடாது, அதற்குக் கீழே இருக்கிற கண்ணியின் நடு வயிற்றில் குத்த வேண்டும். முன்கழுத்தின் அடி முடிந்து சரிவு தொடங்கும் மூலையில்தான் ஓட்டை விழும். அங்கே ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். உடம்பு பின்னியதைவிட ஒரு நம்பர் சின்ன ஊசி. இரண்டு நேர், இரண்டு எதிர் முறியாமல் சுற்றி வர, மொத்தம் நாலால் வகுபட வேண்டும். ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் பின்கழுத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம், அங்கே யார் கண்ணும் போகாது.

முதல் கழுத்து முடிந்தது. கடைசிச் சுற்றைத் தளர்த்தியாக, பெரிய ஊசியால் மூடினார். தலை நுழைய வேண்டுமே. மேஜையில் விரித்தபோது காலர் படுத்தபடி அமைதியாக இருந்தது. மாமியார் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஓட்டை இல்லை. இழுத்து விட்டார். வந்து ஒட்டிக்கொண்டது. நேரே போய் அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மிச்சமெல்லாம் மளமளவென்று ஏறின. ஒன்றைக் கிடங்கு வாசலில் வண்டிக்குள்ளேயே முடித்தார். பின்னால் இருந்த லாரிகள் ஹாரன் அடித்தன. “இந்தச் சுத்து முடியட்டும்பா” என்று ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டினார்.

ஒத்திகை நடந்த மண்டபத்துக்கு இருவருமாகப் பெட்டிகளைக் கொண்டுபோனார்கள். நர்சுகள் உடுத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கழுத்தில் எது பட்டாலும் ஆகாது என்று முன்பே சொல்லியிருந்த ஒருத்தி, காலருக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “போட்டிருக்கற மாதிரியே இல்ல” என்றாள். தலைவி கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாடத் தொடங்கி, உச்சத்துக்கு ஏறியபோது எல்லோருடைய தாடையும் ஒன்றாக உயர்ந்தது. கழுத்துகள் விரிந்தன, பாட்டு இறங்கியதும் ஒன்றாகப் படிந்தன. என்ன பாட்டு என்று கேட்டால் அவருக்கு இன்றுவரை தெரியாது.

பாட்டு முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கும்போது, மனைவி வரிசையின் முன்னால் நடந்து வந்தாள். ஒரு வாத்தியார் நோட்டுத் திருத்துகிற நடை. தலைவியின் முன் நின்று காலரைத் தொட்டாள்.

“இது நான் போட்டது.”

“அது நான் போட்டது” என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டு பேரைத் தாண்டி இன்னொருத்தியைக் காட்டினாள். “அப்ப இதுதான் உங்களோடது.”

“அது உன்னோடது.”

தலைவி முதலில் சிரித்தாள், பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி நின்றாள். கல்யாணப் போட்டோவில்கூட அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. உலக்கைக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

மணிக்கட்டு கூடிய பிறகும் அவள் கழுத்து வேலையைத் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்கு வந்து அவசரப்படுத்துகிறவர்களிடம், “நாளைக்கு வாங்க. எங்க வீட்டுக்காரர் வந்துடுவாரு, சேந்து போட்டுத் தர்றோம்” என்பாள். அவசரம் உள்ளவர்கள்கூடக் காத்திருந்தார்கள்.