அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு மைனஸ்

திருப்பதியில் நான், பள்ளிக்கூடம் போகாமல் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறவர்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த வருஷம், நகரியில் பவர்லூம் ஓட்டும் ஒரு பெண்ணும் என்னிடம் படித்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கையில், சாப்பாட்டு நேரத்தில் ஐந்து கணக்குகளைப் படமெடுத்து அனுப்பிவிட்டு போன் செய்தார்.

"அஞ்சும் தப்பா வருது மேடம். ரெண்டு நாளா போட்டுக்கினே கீறேன். நான் பரீட்சைக்குப் போவல."

படத்தைப் பெரிதாக்கி முதல் கணக்கை வரிவரியாகப் பார்த்தேன்.

3(x − 4) − 2(x − 5) = 7

அடுத்த வரியில் 3x − 12 சரி. −2x சரி. அதன் பிறகு −10 என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு பிசகும் இல்லாமல் x = 29 என்று முடித்திருந்தார். மற்ற நான்கிலும் அடைப்புக்குறியைப் பிரித்த அந்த ஒரு வரியில்தான் குறி மாறியிருந்தது. எனக்கே நிம்மதியாக மூச்சு வந்தது.

"அஞ்சு தப்பு இல்லம்மா, ஒரே தப்புதான். ரெண்டாவது வரியில, மைனஸ் ரெண்டை மைனஸ் அஞ்சால பெருக்கினா என்ன வரும்?"

வாய்க்குள்ளேயே பெருக்கிப் பார்த்தார்.

"பிளஸ் பத்து."

"அங்கிருந்து மறுபடி போடுங்க."

பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது.

"எக்ஸ் ஒம்போது மேடம்."

"கணக்குல வெச்சுப் பாருங்க."

"மூவஞ்சு பதினஞ்சு. ஈர்நாலு எட்டு. கழிச்சா ஏழு." குரல் இளகியது. "இவ்ளோதானா மேடம்? எனக்குக் கணக்கே தெரியலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சாயங்காலம் மீதி நான்கும் வந்தன. எல்லாம் சரியாக இருந்தன. பரீட்சைக்கு எந்த ரயிலில் வந்தால் வசதி என்று கீழே கேட்டிருந்தார்.